‘டிரஸ் சூப்பரா இருக்கு’ன்னு சொன்னா என்ன பதில் சொல்வீங்க? பாராட்டையும் மன்னிப்பையும் ஒப்பிட உதவும் ஒரு கேள்வித்தாள்

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் உங்களைப் பார்த்து, "இந்த சட்டை உங்களுக்கு செமயா இருக்கு" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "தேங்க்ஸ்" என்றா? "அட, இது பழசுங்க, ஆடித் தள்ளுபடில எடுத்தது" என்றா? அல்லது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்களா?

பதில் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சிக்கலைச் சமாளிக்கிறீர்கள். பாராட்டு வரும்போது நம்மை இரண்டு விதிகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் அனிதா பொமரன்ட்ஸ் 1978-இல் விளக்கினார். எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது என்பது ஒரு விதி. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்பது இன்னொன்று. "ஆமா, சூப்பரா இருக்கு" என்றால் இரண்டாவது விதி உடைகிறது. "இல்லவே இல்ல" என்றால் முதல் விதி உடைகிறது. "தள்ளுபடில எடுத்தது" என்ற பதில் இரண்டுக்கும் நடுவே நழுவிப் போகும் வழி.

எந்த விதிக்கு அதிக மதிப்பு என்பது ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி மாறுகிறது. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் பேசும்போது உங்கள் அடக்கம் அவருக்குத் தன்னம்பிக்கைக் குறைவாகத் தெரிவதும், அவருடைய "தேங்க் யூ" உங்களுக்குத் தலைக்கனமாகத் தெரிவதும் இதனால்தான். சரி, இந்த வித்தியாசத்தை எப்படி அளப்பது? மொழியியலாளர்கள் இதற்காகவே வைத்திருக்கும் ஒரு கருவிதான் டிஸ்கோர்ஸ் கம்ப்ளீஷன் டாஸ்க், சுருக்கமாக டி.சி.டி. தமிழில் ‘உரையாடல் நிரப்பும் பயிற்சி’ எனலாம்.

டி.சி.டி என்றால் என்ன?

பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு சூழலை இரண்டு மூன்று வரிகளில் எழுதுவார்கள். அதன் கீழே ஒரு உரையாடல் இருக்கும். அதில் ஒருவருடைய பேச்சு மட்டும் காலியாக விடப்பட்டிருக்கும். "இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்" என்பதுதான் கேள்வி.

1980-களில் ஷோஷனா ப்ளம்-குல்கா, எலைட் ஓல்ஷ்டைன் உள்ளிட்டோர் நடத்திய பன்மொழி ஆய்வு இந்தக் கருவியைப் பிரபலமாக்கியது. ஹீப்ரு, ஜெர்மன், டேனிஷ், ரஷ்யன், கனடிய பிரெஞ்சு, ஆங்கிலத்தின் மூன்று வகைகள் ஆகியவற்றில் மக்கள் எப்படி வேண்டுகோள் விடுக்கிறார்கள், எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒப்பிடுவதே அதன் நோக்கம். அதில் வந்த ஒரு கேள்வியின் சாரம் இது: ஒரு மாணவி ஆசிரியரிடம் புத்தகம் இரவல் வாங்கியிருக்கிறார். இன்று திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் மறந்துவிட்டார். ‘புத்தகம் கொண்டு வந்தாயா’ என்று ஆசிரியர் கேட்கிறார். அடுத்த வரி காலி.

எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரே சூழல், ஒரே உறவு, ஒரே தவறு. மாறுவது பதில் மட்டும்தான். டி.சி.டியின் பலமே இதுதான். தெருவில் நின்று பேச்சைப் பதிவு செய்தால், இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி மன்னிப்புக் கேட்கும் தருணம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஒரு மன்னிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

பதில்கள் வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பதிலையும் துண்டு துண்டாகப் பிரித்து வகைப்படுத்துவார்கள். மேலே சொன்ன புத்தகக் கேள்விக்கு ஒரு தமிழ் மாணவி இப்படி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"ஐயோ, சாரி மேம். சுத்தமா மறந்துட்டேன். நேத்து வீட்டுக்கு விருந்தாளிங்க வந்துட்டாங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா கொண்டு வந்துடறேன். இனிமே இப்படி நடக்காது மேம்."

இதில் ஐந்து துண்டுகள் இருக்கின்றன. "சாரி" என்பது நேரடியாக மன்னிப்பைக் குறிக்கும் சொல். "மறந்துட்டேன்" என்பது பொறுப்பை ஏற்பது. விருந்தாளிகள் வந்த கதை, காரணம் சொல்வது. "கொண்டு வந்துடறேன்" என்பது தவறைச் சரிசெய்ய முன்வருவது. "இனிமே நடக்காது" என்பது வாக்குறுதி. ப்ளம்-குல்காவும் ஓல்ஷ்டைனும் வகுத்த ஐந்து உத்திகளும் இவைதான். நிஜத்தில் ஒரே பதிலில் ஐந்தும் வருவது அபூர்வம். யார் எந்த இரண்டு, மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே ஒப்பீட்டுக்கு உதவும்.

அலுவலக மெயில்களில் இதைக் கவனித்துப் பாருங்கள். டெட்லைன் தவறினால் ஒருவர் "சாரி" சொல்லிவிட்டு நேராகப் புதிய தேதியைச் சொல்வார். இன்னொருவர் நான்கு வரி காரணம் எழுதுவார். இருவரும் மன்னிப்புதான் கேட்கிறார்கள். ஆனால் முதல் வகைக்குப் பழகியவருக்கு இரண்டாவது ‘சாக்குப்போக்கு’ போலத் தெரியும். இரண்டாவதற்குப் பழகியவருக்கு முதல் வகை ‘கொஞ்சம்கூட வருத்தமே இல்லையே’ என்று தோன்றும்.

அடுத்து, கேள்வியில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றுவார்கள். ஆசிரியருக்குப் பதில் நெருங்கிய தோழி. அல்லது, புத்தகத்தை மறக்கவில்லை, தொலைத்தேவிட்டார். பதவி, நெருக்கம், தவறின் அளவு ஆகிய மூன்றில் எதை மாற்றினால் பதில் அதிகம் மாறுகிறது என்பது தெரிந்துவிடும். தோழியிடம் "சாரிடி, மறந்தே போயிட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடலாம்.

ஒரே ஊர், ஒரே கேள்வித்தாள், இரண்டு முடிவுகள்

பாராட்டு விஷயத்தில் டி.சி.டியின் பலத்தைக் காட்டும் நல்ல உதாரணம் சீனாவின் ஷியான் நகரம். ரோங் சென் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் ஷியான் மாணவர்களையும் அமெரிக்க மாணவர்களையும் ஒப்பிட்டார். தோற்றம், உடை, சாதனை, உடைமை ஆகியவற்றைப் பாராட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். சீன மாணவர்களின் பதில்களில் சுமார் 96% பாராட்டை மறுத்தன. அமெரிக்கர்களில் மறுப்பு சுமார் 13% மட்டுமே. சுமார் 39% பாராட்டை ஏற்றுக்கொண்டன. மீதி, திருப்பிப் பாராட்டுவதும் நழுவுவதும்.

‘சீனர்கள் பாராட்டை மறுப்பார்கள், அமெரிக்கர்கள் ஏற்பார்கள்’ என்ற பொதுக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே சென், டாஃபு யாங் என்பவருடன் சேர்ந்து, அதே ஷியானில், அதே முறையில் மீண்டும் ஆய்வு நடத்தி 2010-இல் முடிவை வெளியிட்டார். இந்த முறை பாராட்டை ஏற்ற பதில்கள் சுமார் 63%. மறுத்தவை சுமார் 9%.

அதாவது ஒரு தலைமுறைக்குள் படம் தலைகீழானது. சீனா வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டதும், மேற்கத்தியப் பண்பாட்டின் தாக்கமும் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். கேள்வித்தாள் மாறாமல் இருந்ததால்தான் இந்த மாற்றமே கண்ணில் பட்டது. ‘அந்த நாட்டுக்காரங்க இப்படித்தான்’ என்று சொல்லும் பயிற்சி வகுப்பு ஸ்லைடுகளைப் பார்க்கும்போது, தரவு எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த வயது என்று கேட்பது ஏன் அவசியம் என்பதற்கும் இதுவே பதில்.

காகிதத்தில் எழுதுவதும் வாயால் சொல்வதும் ஒன்றா?

இங்கேதான் டி.சி.டியின் பலவீனம் வருகிறது. ஆண்ட்ரியா கோலாட்டோ ஜெர்மன் மொழி பேசும் நண்பர்கள், குடும்பத்தினரின் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்தார். அதில் பாராட்டு வந்த இடங்களை எடுத்து, அதே சூழல்களை வைத்து ஒரு டி.சி.டியும் தயாரித்தார். 2003-இல் வெளியான அந்த ஒப்பீட்டில், காகிதத்தில் பதில் எழுதியவர்கள் ‘டாங்கே’, அதாவது ‘நன்றி’ என்று எழுதியிருந்தார்கள். பதிவு செய்யப்பட்ட பேச்சிலோ, பாராட்டுக்குப் பதிலாக அந்தச் சொல் வரவே இல்லை. மாறாக, பாராட்டப்பட்டவர்கள் "ஆமா, நல்லா இருக்குல்ல?" என்ற தொனியில் ஒத்துப்போனார்கள்.

ஏன் இப்படி? காலியிடத்தைப் பார்த்ததும் நாம் நினைவுபடுத்துவது நம் வாயில் வருவதை அல்ல, ‘இங்கே என்ன சொல்வது முறை’ என்பதை. சின்ன வயதில் "தேங்க்ஸ் சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட குரல் அங்கே எழுதுகிறது. ஆகவே டி.சி.டி அளப்பது பேச்சை அல்ல, பேச்சைப் பற்றிய நம் நம்பிக்கையை. ஷியான் ஆய்வையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அங்கே நிச்சயமாக மாறியிருப்பது, பாராட்டுக்கு எது சரியான பதில் என்று மாணவர்கள் நினைப்பது.

இன்னொரு குறையும் உண்டு. காலியிடம் ஒன்றுதான். ஆனால் நம்ம ஊர்ப் பேச்சு ஒரே வரியில் முடிவதில்லை. "காபி சாப்பிடுங்க" என்றால் முதலில் "வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்போம். இரண்டாம் தடவை சொன்னால் டம்ளரை வாங்கிக்கொள்வோம். பாராட்டிலும் முதலில் "அட போங்க", பிறகு "நிஜமாவா?", கடைசியில் ஒரு சிரிப்பு. ஒரே காலியிடம் கொடுத்தால் முதல் வரி மட்டும் பதிவாகி, ‘மறுப்பு’ என்று எண்ணப்பட்டுவிடும். சிரிப்பும் மௌனமும் காகிதத்தில் வருவதே இல்லை.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால்

பல ஊர்க்காரர்கள் வேலை செய்யும் டீமில் இதைச் சின்னதாகச் செய்து பார்க்கலாம். நான்கு சூழல்கள் போதும்: மேனேஜர் உங்கள் பிரசன்டேஷனைப் பாராட்டுகிறார், சக ஊழியர் பாராட்டுகிறார், மேனேஜர் காத்திருக்கும் மீட்டிங்குக்குத் தாமதமாகிறது, சக ஊழியரைக் காக்க வைத்துவிட்டீர்கள். பதவியைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். "எப்படி மன்னிப்புக் கேட்பீர்கள்?" என்று கேட்காதீர்கள், பதிலை நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். "என்ன சொல்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ‘எதுவும் சொல்ல மாட்டேன்’ என்று எழுதவும் இடம் விடுங்கள். காலியிடத்துக்குப் பிறகு "பரவாயில்ல" போன்ற வரியைச் சேர்க்காதீர்கள். அடுத்து வரும் பதில் தெரிந்தால், எழுதுபவர் அதற்கேற்ப எழுதுவார்.

தமிழில் கேட்பதா, ஆங்கிலத்தில் கேட்பதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் "தேங்க் யூ" வரும். அதே ஆள் தமிழில் "நன்றி" என்று எழுதத் தயங்கக்கூடும், ஏனென்றால் அது மேடைப் பேச்சு போல ஒலிக்கும்.

பதில்கள் கையில் வந்ததும், ஒரு வாரம் உங்கள் டீமில் நிஜமாகப் பாராட்டும் மன்னிப்பும் வரும் இடங்களைக் கவனியுங்கள். எழுதியதும் பேசியதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முறை என்று நாம் நம்புவதற்கும் பழக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் அங்கேதான் தெரியும்.