பசு யாருடையது?

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போட்டு, புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் மூன்று ஊர். பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. துணி எடுக்கப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காரணம் ஒரு சண்டை.

"நாலு சேர்ந்துடுச்சு, பசு எனக்குத்தான். நான்தானே போட்டேன்!"

"நீ போட்டா என்னக்கா, குழி என்னுது."

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஆட்டம் தெரிய வேண்டும். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து விதை, மொத்தம் எழுபது. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைவிதை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதைக் கையால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு முறை முடியும். நடுவில் ஏதாவது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதன் பெயர் பசு.

'பல்லாங்குழி' என்ற பெயரில் புதிர் அதிகமில்லை. பதினான்கு குழி என்பதே பன்னாங்குழியாகி, பிறகு பல்லாங்குழியானது என்று தேவநேயப் பாவாணர் விளக்குகிறார். பன்னாங்குழி என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உறுத்தியது பசுதான். நான்கு விதைக்கு ஏன் மாட்டின் பெயர்?

நான்கு கால் என்பது சட்டென்று தோன்றும் பதில். ஆனால் ராத்திரி ஆட்டத்தை ஒரு சின்ன புரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. முதல் ஆட்டக்காரர் எந்தக் குழியில் தொடங்கினாலும் பலன் ஒன்றே. எல்லாக் குழியிலும் ஐந்தைந்து இருப்பதால் அப்படி. முதல் குழியை அள்ளினால் ஆறாவதில் தீரும். பிறகு ஏழு, பதின்மூன்று, ஐந்து, பன்னிரண்டு என்று வரிசையாக அள்ளி, நான்காவது குழியில் கை ஓயும். ஐந்தாவது குழி காலி. துடைத்துவிட்டு ஆறாவதிலிருக்கும் ஏழு விதையை எடுக்கலாம். எப்போதும் அதே ஏழு. அந்த முதல் முறையில் ஒரு பசுகூடப் பிறப்பதில்லை.

பிறக்கவும் முடியாது. ஐந்தில் தொடங்கும் குழி ஆறு, ஏழு என்று ஏறத்தான் செய்யும், நான்குக்கு இறங்காது. ஒரு முறை முழுக்க அள்ளப்பட்ட குழியில்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து நான்காக முடியும். அதாவது பசு வெறுங்குழியில் மட்டுமே வளரும். பறிபோன தொழுவத்தில் கன்று தேறி வருவதுபோல. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்தார்களா என்று சாதிக்க மாட்டேன். ஆனால் ஆட்டத்தில் பசு வளரும் விதம் இதுதான்.

அப்படியானால் அது யாருக்கு? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குழிக்காரிக்குத்தான்டா. தீனி யார் போட்டா என்ன, மாடு கட்டியிருக்கிற எடம் யாரோடது?"

எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். எதிராளி கணக்குத் தப்பி நம் குழியில் நான்காவது விதையைப் போட்டாலும் பசு நமக்கே. போட்டவருக்கே என்று ஆடும் ஊர்களும் உண்டு. மாடியில் மோதிக்கொண்டவை இந்த இரண்டு வழக்கங்களும்தான்.

இது சொத்து பற்றிய கேள்வி. பல்லாங்குழி சமமாகத் தொடங்கி, முதல் கையிலேயே சமம் குலையும் ஆட்டம் என்று தொ. பரமசிவன் எழுதியிருக்கிறார், தனிச்சொத்துரிமையோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். அடுத்த சுற்றில் இது பளிச்சென்று தெரியும். ஜெயித்த விதைகளைக் கொண்டு அவரவர் குழியை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழியைக் குச்சி போட்டு மூடிவிடுவார்கள். முப்பது விதை மிஞ்சியவளுக்கு ஆறு குழிதான். குழி குறைந்தால் பசு வளரும் இடமும் குறைகிறது. தோற்றவள் மேலும் தோற்கிறாள்.

ஒரு குழி நிரப்பவும் வழியில்லாமல் ஐந்துக்கும் கீழே போனால், எங்கள் வீட்டில் 'கஞ்சி காய்ச்சுவோம்'. இருக்கிற விதையைக் குழிக்கு ஒன்றாகப் பரப்பி ஆடுவது. நாலு பருக்கையில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதற்கு இதைவிடச் சரியான பெயர் கிடையாது. பசியைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அங்கிருந்து மீண்டு வருகிறவர்களும் உண்டு, அபூர்வமாக.

அடுத்த வாரம் அம்மாவின் தீர்ப்பை மாடியில் சொன்னேன். தோற்ற கட்சிக்காரப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "நாள் பூரா நாங்க போடுறோம், குழிக்காரன் எடுத்துக்கிறானா? அது கம்பெனி ரூல்ண்ணா. இங்கயாச்சும் போட்டவளுக்கு இருக்கட்டும்" என்றாள்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மாடியில் பசு போட்டவளுக்கு.