துணைக்கு வருவதும் இடத்தைப் பறிப்பதும்



திருஅவையின் சமூகப் போதனையில் துணைநிலைக் கோட்பாடு என்றொரு நெறி உண்டு. குடும்பமோ ஊர்ச் சங்கமோ தானே செய்யக்கூடியதை அதற்கு மேலுள்ள அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. அவர்களால் முடியாதபோது மேலுள்ளவர் துணைக்கு வர வேண்டும். இதுவே அதன் சாரம்.

இந்த நெறியைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931 மே 15 அன்று வெளியிட்ட ‘குவாத்ராஜெசிமோ ஆன்னோ’, அதாவது ‘நாற்பதாம் ஆண்டில்’ என்னும் சுற்றுமடல் தெளிவாக வரையறுத்தது. மடலின் வரைவை எழுதியவர் நெல்-பிராய்னிங் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு. கோட்பாட்டின் பெயருக்கு வேர் ‘சுப்சிதியும்’ என்ற இலத்தீன் சொல். உரோமைப் போர்க்களத்தில் பின்வரிசையில் காத்திருந்து, முன்வரிசை தளரும்போது உதவிக்கு வரும் படைக்கு அந்தப் பெயர். பின்வரிசை எப்போதும் முன்னே வந்து நிற்பதில்லை. தேவைப்படும்போது வராமல் இருப்பதுமில்லை.

மடல் வெளிவந்த இரண்டு வாரங்களில் இத்தாலியிலேயே சோதனை வந்தது. அங்குப் பங்குகள்தோறும் கத்தோலிக்க இளைஞர் மன்றங்கள் இருந்தன. செபமும் மறைக்கல்வியும் விளையாட்டும் அங்கே நடந்தன. முசோலினியின் அரசு மே மாத இறுதியில் அவற்றை மூடியது. அம்மன்றங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதல்ல அரசின் குறை. அவை அரசியல் செய்கின்றன என்பதே குற்றச்சாட்டு. சிறுவர்களைச் சேர்க்க அரசிடம் ‘பலில்லா’ என்ற சொந்த அமைப்பு இருந்தது. பிள்ளைகள் அனைவரும் தன் கையிலேயே வளர வேண்டும் என்று அது விரும்பியது.

திருத்தந்தை ஜூன் 29 தேதியிட்டு இத்தாலிய மொழியிலேயே இன்னொரு சுற்றுமடல் எழுதினார். இத்தாலியில் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் அதன் படிகள் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வெளியாயின. பிள்ளைகள் முழுக்க அரசுக்கே உரியவர்கள் என்ற கொள்கையை அவர் அதில் கண்டித்தார். செப்டம்பரில் உடன்பாடு வந்தது. மன்றங்கள் மீண்டும் திறந்தன. ஆனால் விளையாட்டை விட்டுக்கொடுத்து, சமயப் பணியோடு நிற்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் சிறியதே எப்போதும் சரியா? இல்லை. காலம் மாறியதால், முன்பு சிறு குழுக்கள் செய்த பலவற்றை இன்று பெரிய அமைப்புகளே செய்ய முடியும் என்று 1931-ஆம் ஆண்டு மடலே ஒப்புக்கொள்கிறது. உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த நேரம் அது. நாடு முழுவதும் வேலையிழந்தவர்களுக்கு ஓர் ஊர்ச் சங்கத்தின் உண்டியல் என்ன செய்ய முடியும்? அங்கே அரசு ஒதுங்கி நின்றால் அதுவும் இதே நெறியை மீறுவதுதான்.

ஆகவே மேலுள்ளவர் தலையிடும்போது கேட்க வேண்டியவை இரண்டு. கீழுள்ளவரால் உண்மையிலேயே முடியவில்லையா? உதவி முடிந்தபின் முடிவெடுக்கும் உரிமை அவரிடமே திரும்புகிறதா? அன்று இத்தாலிய அரசு செய்த காரியத்தில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். அதனால்தான் அது துணையாக இல்லாமல் பறிப்பாக இருந்தது.