மேட்டுப்பாத்தி மண் அளவு

மேட்டுப்பாத்தி என்பது நிலமட்டத்திற்கு மேல் மரப்பலகை, செங்கல் முதலியவற்றால் சட்டம் அமைத்து, அதனுள் மண் நிரப்பிப் பயிரிடப்படும் பாத்தி ஆகும். இதற்குத் தேவையான மண்ணின் கன அளவு, உள் நீளம், உள் அகலம், நிரப்பும் உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். அதனை ஒரு பையின் கன அளவால் வகுத்தால் வாங்க வேண்டிய தொட்டி மண் கலவைப் பைகளின் எண்ணிக்கை கிடைக்கும். கணக்கு எளிது, பிழை பெரும்பாலும் அளவெடுப்பதிலேயே நேர்கிறது.

எடுத்துக்காட்டு

ஐக்கிய அமெரிக்காவில் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பாத்தி பரவலாகக் காணப்படுகிறது. 8 அடிப் பலகைகள் மூன்றில் ஒன்றை இரண்டாக அறுத்து இது செய்யப்படுகிறது. அங்கு 2 அங்குலத் தடிப்பு, 12 அங்குல அகலம் எனப் பெயரிட்டு விற்கப்படும் பலகை, இழைத்து உலர்ந்தபின் உண்மையில் 1½ அங்குலத் தடிப்பும் 11¼ அங்குல அகலமுமே உடையது. குறும்பலகைகளை நெடும்பலகைகளின் முனைகளில் அறைந்தால், உள் நீளம் 8 அடியாகவே இருக்கும். உள் அகலம் 3¾ அடியாகக் குறையும். எனவே உட்பரப்பு 30 சதுர அடி. நீர் வழியாதிருக்க மேலே 1¼ அங்குலம் விட்டால், நிரப்பும் உயரம் 10 அங்குலம். அங்குலத்தை அடியாக மாற்ற 12 ஆல் வகுக்க வேண்டும்.

```
8 × 3.75 × (10 ÷ 12) = 25 கன அடி
```

புதிய கலவை நீர் ஊற்றியவுடன் அமிழும். இதற்காக 15 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 29 கன அடி தேவை. 2 கன அடிப் பைகளாயின் 15, 1½ கன அடிப் பைகளாயின் 20 வாங்க வேண்டும்.

பலகையின் பெயரளவுகளை மட்டும் பெருக்கினால் 32 கன அடி, அதாவது 2 கன அடிப் பைகள் 16 என வரும். விடை நெருங்கி வருவது, சுவரின் தடிப்பையும் மேலே விடும் இடத்தையும் மண் அமிழ்வதையும் விட்டுவிட்ட பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதாலேயே. தடித்த சுவர்களில் இது பொய்க்கும். அதே வெளியளவில் 8 அங்குலத் தடிப்புள்ள சிமெந்துக் கட்டிகளை அடுக்கினால், உட்பரப்பு 32 சதுர அடியிலிருந்து ஏறத்தாழ 18 சதுர அடியாகக் குறைந்துவிடும். அப்போது வெளியளவை நம்பி வாங்கிய பைகளில் கணிசமான பகுதி மிஞ்சும்.

பையின் அளவு

பையில் கன அடி, லீட்டர், குவார்ட்டு ஆகிய அலகுகளில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கன அடி 28.3 லீட்டருக்குச் சமம். உலர் குவார்ட்டில் ஏறத்தாழ 25.7. எடை மட்டும் குறிக்கப்பட்ட பைகளை நேரடியாகக் கணக்கிட இயலாது; ஈரம் கூடினால் எடை கூடும், ஆனால் பாத்தியில் அது நிரப்பும் இடம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளும் எடைக்கே விற்கப்படுகின்றன. இவை நீரில் ஊறிப் பல மடங்கு உப்புவதால், ஒரு கட்டியை ஊறவைத்து வாளியால் அளந்து பார்ப்பதே நம்பகமான வழி.

பின்னர் அமிழ்தல்

கலவையில் உள்ள முற்றா நிலக்கரியும் மரப்பட்டையும் மெல்ல மக்குவதால், கலவையை மட்டுமே கொண்டு நிரப்பிய பாத்தி ஆண்டுதோறும் தாழும். முதல் நீர்ப்பாய்ச்சலுக்குப் பின் பலகையின் உட்புறத்தில் மண் மட்டத்தைக் கோடிட்டு வைத்தால் இதனை அளந்தறியலாம். மேற்கண்ட பாத்தி 2 அங்குலம் தாழ்ந்தால் 5 கன அடி, அதாவது 2 கன அடிப் பைகள் மூன்று மீண்டும் தேவைப்படும். கனிம மண் மக்குவதில்லை. ஆகவே மேல்மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்பிய பாத்தி இவ்வளவு தாழ்வதில்லை. இக்கலவை கன யார் கணக்கில் வண்டியில் கிடைக்கும். ஒரு கன யார் 27 கன அடி ஆதலால், மேற்கண்ட பாத்திக்கு ஏறத்தாழ ஒரு கன யாரே போதும்.