சரியான விடை, தவறான காரணம்: ஹீப் கேள்வியைத் திருத்துதல்

1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப் என்னும் தரவமைப்பை வெளியிட்டார். அதே ஆண்டில் ராபர்ட் ஃபிளாய்ட், அதைக் கீழிருந்து மேலாக விரைந்து கட்டும் முறையைத் தந்தார். ‘ஃபிளாய்டின் முறைக்கு ஆகும் நேரம் என்ன? சொற்களில் விளக்குக’ என்ற தேர்வுக் கேள்வியில்தான் திருத்துபவர் பெரும்பாலும் தடுமாறுகிறார்.

ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: “மொத்தம் n உறுப்புகள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் log n படிகள் கீழிறங்கும். எனவே O(n log n).” இன்னொருவர்: “சுழற்சி n/2 முறை ஓடுகிறது, எனவே O(n).” பாடநூல் தரும் விடை O(n). அதை மட்டும் ஒப்பிட்டால் இரண்டாமவருக்கு முழு மதிப்பெண், முதலாமவருக்குச் சுழியம்.

இது தலைகீழான தீர்ப்பு. O என்பது மேல்வரம்பு மட்டுமே. முதலாமவர் சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை, வரம்புதான் தளர்வானது. கேள்வி ‘மிக நெருக்கமான வரம்பு’ என்று கேட்டிருந்தால் மதிப்பெண் குறையலாம், கேட்காவிட்டால் குறைக்க நியாயமில்லை. இரண்டாமவரோ ஒவ்வொரு சுற்றிலும் உறுப்பு கீழிறங்கும் செலவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருடைய காரணத்தை வேறிடத்தில் பொருத்திப் பார்த்தால் குட்டு உடையும். ஹீப்சார்ட்டின் அடுத்த கட்டத்தில், மிகப் பெரிய உறுப்பை நீக்கும் வேலை ஏறத்தாழ n முறை நடக்கிறது. அதே வாதப்படி அதுவும் O(n) ஆகிவிடும். ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எந்த முறையும் மோசமான நிலையில் n log n அளவுக்குக் கீழே போக முடியாது என்பதால், அந்த வாதம் பொய்.

அப்படியானால் முழுமையான விடை எது? 15 கணுக்களை எடுத்துக்கொள்வோம். இலைகளான 8 கணுக்கள் நகரவே வேண்டாம். அவற்றுக்கு மேலுள்ள 4 கணுக்கள் அதிகபட்சம் ஒரு படி, 2 கணுக்கள் இரண்டு படி, உச்சிக் கணு மூன்று படி இறங்கும். மொத்தம் 4 + 4 + 3 = 11. மேலே செல்லச் செல்ல இறங்கும் தூரம் ஒவ்வொன்றாகவே கூடுகிறது, கணுக்களின் எண்ணிக்கையோ பாதிப்பாதியாகச் சரிகிறது. அதனால் கூட்டுத்தொகை n-ஐத் தாண்டுவதில்லை. இந்த இரண்டு போக்குகளையும் மாணவர் தம் சொற்களில் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். தொடர்க்கூட்டல் சூத்திரம் கேட்பது வீண் பிடிவாதம்.

“பெரும்பாலான உறுப்புகள் அடியில் இருக்கின்றன, அதனால் வேகம்” என்று மட்டும் எழுதினால்? பாதி மதிப்பெண்தான் தகும். உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செருகி மேலேற்றும் வில்லியம்ஸின் முறையிலும் பெரும்பான்மை அடியில்தான் இருக்கிறது. அங்கே அந்த 8 இலைகளே மிகத் தொலைவு, தலா மூன்று படி, ஏற நேரலாம். மோசமான நிலையில் மொத்தம் 34 படிகள். இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைச் சொல்லாத விடை, இந்த இரண்டு முறைகளில் எதை விளக்குகிறது என்றே தெரியாது.