நீள்வால் இணை: பொதுச் சைகையை ஒடுக்கிய ஒரு மின்சுற்றின் வளர்ச்சி

1930களில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய முனைந்தார்கள். ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டிருந்த முடிவுகளைப் பலர் நம்பவில்லை. அவற்றைச் சரிபார்ப்பதே இருவரின் நோக்கம். கண்களை மூடிக்கொண்டு அமைதியாக இருப்பவரின் தலையில் நொடிக்குப் பத்து முறை எழும் ஆல்ஃபா அலையின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட்தான். அதே தலை, சுவரில் ஓடும் மின்கம்பிகளிடமிருந்து பல மில்லிவோல்ட் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் இரைச்சல் தலை முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்குகிறது. மூளையின் சைகையோ இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டு மின்முனைகளுக்கும் பொதுவானதை விலக்கி, அவற்றின் வேறுபாட்டை மட்டும் பெருக்கினால் போதும்.

இந்தத் தேவைக்காக மேத்யூஸ் 1934இல் ஒரு பெருக்கியை வெளியிட்டார். அதன் சுற்றுப்படம் பின்னாளில் நீள்வால் இணை எனப்பட்டதை மிகவும் நெருங்கியது. வரைந்ததில் ஒரு பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஐயத்துக்கு இடமில்லாத முதல் சான்று, ஆலன் புளும்லைன் 1936இல் தாக்கல் செய்த காப்புரிமை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃபிராங்க் ஆஃப்னர், ஆட்டோ ஷ்மிட், யான் ஃபிரீட்ரிக் டோனியெஸ் ஆகியோரும் இதே அமைப்பை விவரித்தார்கள். உடலியல் ஆய்வின் நெருக்கடியே இதை இவ்வளவு விரைவாகப் பரப்பியது என்பது என் கணிப்பு.

அமைப்பு எளிமையானது. இரண்டு வால்வுகளின் எதிர்மின்வாய்களையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து ஒரே மின்தடை வழியாக எதிர்மின்னழுத்தத்துக்கு இறக்க வேண்டும். அந்த மின்தடையே வால். டிரான்சிஸ்டர் வந்தபின் எதிர்மின்வாயின் இடத்தை உமிழ்ப்பான் பிடித்தது. மற்றபடி அமைப்பு மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்வழங்கி +12, −12 வோல்ட். வால் மின்தடை 11.3 கிலோ ஓம். அடிவாய்கள் இரண்டும் பூச்சியத்தில் இருந்தால் உமிழ்ப்பான்கள் −0.65 வோல்ட்டில் நிற்கும். வாலில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் ஓடும். அது சரிபாதியாகப் பிரிந்து ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் 0.5 மில்லி ஆம்பியராகிறது. ஒவ்வோர் ஏற்பானுக்கும் மேலே 10 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது என்று கொள்வோம்.

இப்போது ஓர் அடிவாயை அரை மில்லிவோல்ட் உயர்த்தி, மற்றதை அரை மில்லிவோல்ட் தாழ்த்துவோம். ஒன்றில் கூடுகிற மின்னோட்டம் மற்றதில் குறைகிறது. கூட்டுத்தொகை மாறாததால் வாலுக்கு எதுவும் தெரியாது. உமிழ்ப்பான் அசையாமல் நிற்க, தரப்பட்ட வேறுபாடு முழுவதும் டிரான்சிஸ்டர்களை இயக்குகிறது. அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் கடத்து திறன், அதன் மின்னோட்டத்தை 26 மில்லிவோல்ட்டால் வகுத்தால் கிடைக்கும்: 0.5 மில்லி ஆம்பியருக்கு ஒரு மில்லிவோல்ட்டுக்கு 19.2 மைக்ரோ ஆம்பியர். ஆகவே அரை மில்லிவோல்ட்டுக்கு 9.6 மைக்ரோ ஆம்பியர் மாறி, ஏற்பானில் 96 மில்லிவோல்ட் தோன்றுகிறது. பெருக்கம் 96 மடங்கு. வேறுபாடு 26 மில்லிவோல்ட்டை நெருங்கினாலே நேர்விகிதம் குலையத் தொடங்கும். 100 மில்லிவோல்ட்டில் மின்னோட்டம் அநேகமாக முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்து, இரண்டு அடிவாய்களையும் சேர்த்து 1 வோல்ட் உயர்த்துவோம். இப்போது ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ள வழியில்லை. உமிழ்ப்பான்களும் கூடவே 1 வோல்ட் ஏறுகின்றன. வாலின் மின்னோட்டம் 0.088 மில்லி ஆம்பியர் கூடி, பாதிப்பாதியாகப் பிரிகிறது. ஏற்பானில் விளைவு 0.44 வோல்ட்தான். வேறுபாட்டுக்கு 96 மடங்கு, பொதுவானதற்கு 0.44 மடங்கு, ஒதுக்க விகிதம் ஏறத்தாழ 217.

இது போதுமா? தலையில் 10 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால், அதை 217ஆல் வகுக்கும்போது 46 மைக்ரோவோல்ட் மிஞ்சுகிறது. ஆல்ஃபா அலையே 50 மைக்ரோவோல்ட்தான். பதிவுத்தாளில் எது மூளை, எது மின்கம்பி என்று பிரித்தறிய முடியாது.

வால் மின்தடையைக் கூட்டினால் விகிதம் உயரும் என்று தோன்றும். ஆனால் மின்தடையை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் பாதியாகிறது. அதோடு கடத்து திறனும் பாதியாகிறது. எனவே விகிதம் மாறுவதில்லை. சுருக்கமாக எழுதினால்:

CMRR ≈ V / 2V_T

இங்கே V என்பது வாலின் மேல் விழும் மின்னழுத்தம், V_T என்பது அந்த 26 மில்லிவோல்ட். மின்தடையின் மதிப்பு இந்தச் சமன்பாட்டில் இல்லவே இல்லை. 1 மெகா ஓம் மின்தடையில் 1 மில்லி ஆம்பியரை ஓடவிட 1000 வோல்ட் வேண்டும். வால்வுக் காலத்தில் 300 வோல்ட் எதிர்வழங்கி வைத்தும் சில நூறு மடங்கே கிடைத்ததற்குக் காரணம் வேறு: அதே மின்னோட்டத்துக்கு வால்வின் கடத்து திறன் மிகக் குறைவு.

தீர்வு, வாலிலும் ஒரு டிரான்சிஸ்டரை வைப்பது. அடிவாயை நிலையான மின்னழுத்தத்தில் நிறுத்தி, உமிழ்ப்பானில் ஒரு மின்தடை வைத்தால், ஏற்பானின் மின்னழுத்தம் எப்படி மாறினாலும் மின்னோட்டம் அநேகமாக மாறாது. சில வோல்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அது 1 மெகா ஓம் போலவோ அதற்கு மேலாகவோ நடந்துகொள்கிறது. ஒதுக்க விகிதம் 19,200 ஆக உயர, 10 மில்லிவோல்ட் இரைச்சல் அரை மைக்ரோவோல்ட்டுக்குச் சுருங்குகிறது.

இந்தக் கணக்கு இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒன்றுபோல் இருக்கும் என்ற எடுகோளில் நிற்கிறது. தனித்தனி உறையிலுள்ள இரண்டை எடுத்தால் அது பொய்க்கும். அடிவாய்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியசுக்கு 2 மில்லிவோல்ட் குறையும். ஒன்று மற்றதைவிட ஒரு டிகிரி சூடானால், 2 மில்லிவோல்ட் பொய்ச் சைகை உள்ளீட்டில் நுழைந்ததற்குச் சமம்.

ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ராபர்ட் விட்லர் 1964இல் μA702, 1965இல் μA709 ஆகிய தொகுப்புச் சுற்றுகளைக் கொண்டுவந்தபோது இந்தச் சிக்கல் பெருமளவு தளர்ந்தது. ஒரே சில்லில் மின்தடையின் மதிப்பைத் துல்லியமாகப் பெறுவது கடினம். ஆனால் அருகருகே அமைந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே செய்முறையில் பிறந்து, ஒரே வெப்பநிலையில் வாழ்கின்றன. விகிதங்களை நம்பு, தனி மதிப்புகளை நம்பாதே என்ற வடிவமைப்பு முறைக்கு வேறுபாட்டு இணை இயல்பாகவே பொருந்தியது. விட்லரின் மேதைமையை நான் இந்தத் தேர்வில்தான் காண்கிறேன்.

எஞ்சிய வரம்பு சுற்றுக்கு வெளியே இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் டிரான்சிஸ்டரின் பெருக்கெண் 100 என்றால், ஒவ்வோர் அடிவாயும் 5 மைக்ரோ ஆம்பியர் உறிஞ்சும். இரு மின்முனைகளின் தோல்தொடர்பு மின்தடை 5 கிலோ ஓம் வேறுபட்டால், அது மட்டுமே 25 மில்லிவோல்ட் வேறுபாடாகி இணையைச் சாய்த்துவிடும். அதனால்தான் மூளையலைக் கருவியின் முதல் நிலையில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையோ புலவிளைவு டிரான்சிஸ்டரையோ பயன்படுத்துகிறார்கள். உள்ளீட்டு மின்மறுப்பு 10 மெகா ஓம் ஆனாலும், அந்த 5 கிலோ ஓம் வேறுபாடு பொதுச் சைகையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை வேறுபாடாக மாற்றிவிடும். சுற்றுக்குள் உள்ள 19,200 அதற்கு உதவாது.

குறை எங்கே என்று கண்டறிய ஒரு சோதனை உண்டு. இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகக் கட்டி, 50 ஹெர்ட்ஸ் சைகையைக் கொடுத்து வெளியீட்டை அளக்க வேண்டும். பிறகு ஓர் உள்ளீட்டில் மட்டும் 5 கிலோ ஓம் மின்தடையைச் செருகி மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவே பெரிதாக இருந்தால் குறை இணையிலோ வாலிலோ இருக்கிறது. இரண்டாவது மட்டும் பெரிதானால் குறை உள்ளீட்டு மின்மறுப்பில். அப்போது தோலைத் துடைத்து, பசை தடவி, மின்முனையை மறுபடி ஒட்டுவதே பதிவைத் தெளிவாக்கும்.