ஒரு புள்ளி, ஒரு வட்டம்: அச்சிறுபாக்கத்திலிருந்து சுமத்ரா வரை

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "செங்கல்பட்டில் நிலநடுக்கம், 3.2 ரிக்டர்". செங்கல்பட்டு டவுனில் இருக்கும் பெரியம்மா உடனே பதில் போட்டார்: "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையேப்பா, நான் அப்போ காபி போட்டுக்கிட்டு இருந்தேன்."

பெரியம்மா சொன்னது சரி, செய்தியும் பொய் இல்லை. இது எப்படி என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

தேசிய நில அதிர்வு மையம் அன்று கொடுத்த விவரம் இதுதான்: நேரம் காலை 7:39, அட்சரேகை 12.43, தீர்க்கரேகை 79.85, ஆழம் 10 கி.மீ., இடம் செங்கல்பட்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிப்பது வெளிமையத்தை. பூமிக்குள்ளே பாறை உடைய ஆரம்பித்த இடத்துக்கு நேர் மேலே, தரையில் இருக்கும் புள்ளி அது. நான் வழக்கம்போல அந்த எண்களை வரைபட நிரலில் போட்டு, சுற்றிலும் 50 கி.மீ. வட்டம் வரையச் சொன்னேன். வட்டம் வந்தது. ஆனால் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயைச் சேர்ந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடகரையில்!

இருபது வருஷம் நிரல் எழுதியும் இந்தத் தப்பு போகவில்லை. நாம் வாயால் சொல்லும்போது அட்சரேகையை முதலில் சொல்வோம். `GeoJSON` கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரவேண்டும். மாற்றிப் போட்டால் 12.43, 79.85 என்பது 79.85 வடக்கு, 12.43 கிழக்கு ஆகிவிடும். இதில் ஒரு நல்லது, தப்பு இவ்வளவு பெரிதாக இருந்ததால் உடனே தெரிந்துவிட்டது.

மாற்றிப் போட்டதும் புள்ளி சரியான இடத்துக்கு வந்தது. ஆனால் செங்கல்பட்டு டவுனில் இல்லை, மதுராந்தகத்துக்குத் தெற்கே, அச்சிறுபாக்கத்தை ஒட்டி. 'செங்கல்பட்டு' என்று அறிவிப்பில் இருந்தது மாவட்டத்தின் பெயர், ஊரின் பெயர் அல்ல. தூரத்தைக் கணக்கிட, பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுக்கும் பழைய சூத்திரம் போதும்:

```python
from math import radians, sin, cos, asin, sqrt

def dist_km(lat1, lon1, lat2, lon2):
    p1, p2 = radians(lat1), radians(lat2)
    dl = radians(lon2 - lon1)
    a = sin((p2-p1)/2)**2 + cos(p1)*cos(p2)*sin(dl/2)**2
    return 2 * 6371 * asin(sqrt(a))

dist_km(12.43, 79.85, 12.69, 79.98)     # செங்கல்பட்டு டவுன்
dist_km(12.43, 79.85, 12.617, 80.193)   # மாமல்லபுரம்
```

டவுனுக்கு 32 கி.மீ., மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு 43 கி.மீ. 3.2 அளவிலான அதிர்வு அந்தத் தூரத்தில் ஒரு லாரி போகிற அளவுக்குக்கூட உணரப்படாமல் போகலாம். பெரியம்மாவின் காபி தளும்பாததில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 12.43 என்று இரண்டு தசமம் எழுதினால், அது ஏறத்தாழ 1 கி.மீ. துல்லியம் என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு துல்லியம் இருக்காது. வெளிமையத்தைக் கண்டுபிடிப்பதே வட்டங்களால்தான். பூமி அதிரும்போது வேகமான அலை முதலிலும், மெதுவான அலை பிறகும் ஒரு நிலையத்துக்கு வந்து சேரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 8 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடைவெளி 10 நொடி என்றால், மையம் அந்த நிலையத்திலிருந்து 80 கி.மீ. வட்டத்தில் எங்கோ இருக்கிறது. மூன்று நிலையங்களின் மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் வெளிமையம். கணினி இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது என்றாலும் அடிப்படை இதுதான். நிலையங்கள் குறைவாகவும் தள்ளியும் இருந்தால், வட்டங்கள் ஒரே புள்ளியில் வெட்டாது, சில கி.மீ. அகலத் திட்டாகத்தான் வெட்டும். அதனால் என் வரைபடத்தில் இப்போதெல்லாம் ஊசிமுனைப் புள்ளி வைப்பதில்லை, சின்னதாக ஒரு நிழல் வட்டம் போட்டுவிடுகிறேன்.

அடுத்து, இதே கடற்கரையின் கொஞ்சம் பெரிய அதிர்வு. 2001 செப்டம்பர் 25, செவ்வாய் இரவு 8:26. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் படியிறங்கித் தெருவில் நின்ற இரவு அது, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வெளிமையம் சுமார் 11.95 வடக்கு, 80.23 கிழக்கு. மாமல்லபுரத்துக்கு 75 கி.மீ., சென்னைக்கு 125 கி.மீ. வட்டம் வரைந்தால், யாருக்கு அதிகம் ஆடியிருக்கும், யாருக்குக் குறைவு என்பது ஓரளவு சரியாகவே வரும். ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், மண் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. ஆற்று வண்டல் மேல் நிற்கும் கட்டடமும் கருங்கல் பாறைமேல் நிற்கும் கட்டடமும் ஒரே தூரத்தில் ஒரே மாதிரி ஆடாது.

இந்த இரண்டிலும் வட்டம் வேலை செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிலநடுக்கம் என்பது ஒரு புள்ளியில் நடப்பதில்லை, பாறையில் ஒரு பிளவு நழுவுவதுதான் நிலநடுக்கம். 3.2 அளவுக்கு அந்தப் பிளவின் நீளம் ஏதோ இருநூறு மீட்டர். 5.5 அளவுக்கு ஐந்தாறு கி.மீ. நாம் 43 கி.மீ., 75 கி.மீ. தள்ளி நின்று பார்க்கும்போது அது புள்ளி போலவே தெரியும். தெரு முனையில் நிற்கும் ஆட்டோவைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து பார்ப்பது போல.

இனி 2004 டிசம்பர் 26.

ஞாயிறு காலை, இந்திய நேரம் 6:29. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், 3.295 வடக்கு, 95.982 கிழக்கு. அளவு 9.1. மேலே உள்ள அதே நிரலில் போட்டால் மாமல்லபுரத்துக்கு 2,020 கி.மீ. வட்டம் வரைந்தேன், இந்த முறை ஸ்பிட்ஸ்பெர்கன் போகவில்லை. ஆனால் அந்த வட்டம் இரண்டு பொய் சொன்னது. ஸ்பிட்ஸ்பெர்கன் தப்பைப் போலக் கண்ணில் படாத பொய்கள்.

முதல் பொய், நேரம். சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். வங்கக்கடல் நடுவே ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழம் என்று வைத்தால் நொடிக்கு 171 மீட்டர், மணிக்கு 617 கி.மீ. 2,020 கி.மீ. கடக்க மூன்றேகால் மணி நேரம். அப்படியானால் அலை 9:45க்கு வரவேண்டும். கரையோரம் ஆழம் குறைவு, வேகமும் குறையும், இன்னும் தாமதம்தான் ஆகவேண்டும். ஆனால் சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி முதல் அலையைப் பதிந்தது ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில். சென்னையும் மாமல்லபுரமும் சுமத்ராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். வட்டத்தின் கணக்குக்கும் உண்மைக்கும் நாற்பது நிமிடம் வித்தியாசம். அந்தக் காலையில் கரையில் இருந்தவர்களுக்கு நாற்பது நிமிடம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அலை எப்படி முந்தி வந்தது? முந்தவில்லை, பக்கத்திலிருந்து கிளம்பியது. 6:29க்கு சுமத்ரா அருகே தொடங்கிய பிளவு அங்கேயே நிற்கவில்லை. வடக்கே நிக்கோபார், அந்தமான் என்று சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போனது, எட்டு பத்து நிமிடம் எடுத்தது. வெளிமையம் என்று நாம் குறித்தது கிழிசல் ஆரம்பித்த தெற்கு முனையை மட்டும். கார் நிக்கோபார் தீவிலிருந்து நமக்கு 1,430 கி.மீ.தான். அதே வேகத்தில் 2 மணி 19 நிமிடம். பிளவு அதுவரை வந்து சேர ஐந்து நிமிடம் போலச் சேர்த்தால் 8:53. கரையோரத் தாமதத்தையும் சேர்த்தால் ஒன்பது மணி தாண்டிவிடும். கணக்கு பொருந்துகிறது.

இரண்டாவது பொய், திசை. வெளிமையத்திலிருந்து மாமல்லபுரம் 2,020 கி.மீ. என்றால் வங்கதேசத்தின் சிட்டகாங் ஏறத்தாழ 2,160 கி.மீ. வட்டத்தின் பார்வையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர், வங்கதேசத்தில் இரண்டு பேர். பிளவு தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது. நீளமான ஒரு பலகையைத் தண்ணீரில் தள்ளினால் அதன் அகலப் பக்கத்தில்தான் பெரிய அலை எழும், முனைகளில் சிறிதாகத்தான் எழும். அப்படி மேற்கே இலங்கையும் தமிழ்நாடும், கிழக்கே தாய்லாந்தும் அடி வாங்கின. வடமுனைக்கு நேரே இருந்த வங்கதேசம் பெருமளவு தப்பியது. அங்கே கடல் வெகுதூரம் ஆழமற்று இருப்பதும் உதவியது.

இதில் கஷ்டம் என்னவென்றால், பிளவின் நீளம் உடனே தெரியாது. வெளிமையம் சில நிமிடங்களில் கிடைத்துவிடும், ஏனென்றால் முதல் அலை வந்த நேரம் போதும். எவ்வளவு தூரம் கிழிந்தது என்பதற்குக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் கொடுத்த முதல் மதிப்பீடு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. 8.0 என்றால் பிளவு நூற்றைம்பது, இருநூறு கி.மீ. இருக்கும், 2,000 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு அது கிட்டத்தட்ட புள்ளிதான். அன்று காலை கையில் இருந்த எண்களை வைத்து நான் வரைந்திருந்தாலும் அதே தப்பான வட்டத்தைத்தான் வரைந்திருப்பேன். போதாக்குறைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது 2007இல்தான். கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் மிதவைகள் அதில் முக்கியம். பிளவு எவ்வளவு நீளம் என்று ஊகிப்பதைவிட, அலை கிளம்பியதா என்று கடலையே கேட்டுவிடலாம் இல்லையா?

என் நிரலில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அளவு 7க்கு மேல் என்றால் வட்டம் வரையாமல், பிளவின் இரண்டு முனைகளையும் கேட்கும். ஒரு முனைதான் தெரியும் என்றால், வட்டத்தின் மேல் 'தூரம் இதைவிடக் குறைவாக இருக்கலாம்' என்று சிவப்பில் எழுதும். அச்சிறுபாக்கத்துக்கு அந்த எழுத்து வரவில்லை. சுமத்ராவுக்கு வந்தது, பத்தொன்பது வருஷம் தாமதமாக.