ஒரே நிபந்தனை, இரண்டு தொடக்க நாள்கள்: ரொக்கத் தள்ளுபடி அமைப்பில் ஒரு சிக்கல்

'10 நாளுக்குள் செலுத்தினால் 2% தள்ளுபடி, இல்லையேல் 30 நாளில் முழுத் தொகை' என்பது வணிகத்தில் பரவலான நிபந்தனை. எஸ்ஏபி மென்பொருளில் இதை OBB8 திரையில் ஒரு குறியீடாக அமைத்து, வாடிக்கையாளர், விற்பனையாளர் என இரு கட்டங்களிலும் குறியிட்டுவிட்டால் வரவேண்டிய கணக்குக்கும் கொடுக்கவேண்டிய கணக்குக்கும் அதுவே போதும். வசதியானதுதான்; ஆனால் இப்பகிர்வு கொடுக்கவேண்டிய பக்கத்தில் பிழையை மறைத்து வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாள் எண்ணிக்கை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை அதே திரையில் தேர்கிறோம். பில் தேதி, கணக்கில் ஏற்றும் தேதி, பதிவிடும் தேதி ஆகியவை அங்குள்ள தெரிவுகள். விற்பனை பில்லை நாமே போடுவதால் பெரும்பாலும் இம்மூன்றும் ஒரே நாளாக அமைகின்றன. தெரிவு தவறானாலும் விற்பனைப் பக்கச் சோதனையில் அது வெளிப்படாது. கொள்முதலில் பில் தபாலிலும் ஒப்புதலிலும் சில நாள்கள் நிற்கும். அங்கே மூன்று தேதிகளும் பிரிந்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. நூல் மில் ஒன்று மார்ச் 1 தேதியிட்டு 1,00,000 ரூபாய்க்கு அனுப்பிய பில்லைப் பின்னலாடை நிறுவனம் மார்ச் 6 அன்று பதிவிடுகிறது (வரியை இங்கே ஒதுக்கிவைப்போம்). ஒப்பந்தப்படி தள்ளுபடி மார்ச் 11 வரைதான். குறியீட்டில் பதிவிடும் தேதி தேர்வாகியிருந்தால் மென்பொருள் மார்ச் 16 வரை என்று கணக்கிடும். மார்ச் 8, 15 ஆகிய நாள்களில் F110 வழியே பணம் செலுத்தும் ஓட்டம் நடக்கிறது என்று கொள்வோம். 8ஆம் தேதி ஓட்டம், அடுத்த ஓட்டத்திலும் தள்ளுபடி கிடைக்கும் என்று கருதி இப்பில்லை விட்டுவிடும். 15ஆம் தேதி 98,000 ரூபாய் போகும். மில்லின் கணக்கிலோ கெடு முடிந்து நான்கு நாளாகிவிட்டது. 2,000 ரூபாய் பாக்கியாக நிற்கும்.

தெரிவு சரியாக இருந்தாலும் ஓட்டத்தில் 'அடுத்த ஓட்டத் தேதி' முக்கியம். அதை 15 என்று தராமல் 9 என்று தந்தால், 9ஆம் தேதியும் தள்ளுபடி உண்டு என்று மென்பொருள் பில்லைத் தள்ளிவைக்கும். 15இல் தள்ளுபடி போய்விடும். பிறகு மார்ச் 31இல் முழுத் தொகை செலுத்த நேரும். 20 நாள் கூடுதல் அவகாசத்துக்காக 98,000 ரூபாய்மீது 2,000 ரூபாய் இழப்பது, எளிய வட்டியாக ஆண்டுக்குச் சுமார் 37% ஆகிறது. வங்கிக் கடன் வாங்கியாவது முன்கூட்டிச் செலுத்துவது மேல்.

இப்பிழையைக் கண்டறிய, விற்பனையாளர் அனுப்பும் கணக்கு ஒப்பீட்டு அறிக்கையில் பில் தொகையில் சரியாக 2% அளவுள்ள சிறு பாக்கிகளைத் தேட வேண்டும். அவை திரும்பத் திரும்ப வந்தால் ஆளின் கவனக்குறைவைக் காரணம் காட்ட முடியாது. குறியீட்டின் தொடக்கத் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே விகிதமும் நாள்களும் ஒன்றாகவே இருந்தாலும், இரு பக்கங்களுக்கும் தனித்தனிக் குறியீடு வைக்க வேண்டும். கொள்முதல் குறியீட்டை, தேதிகள் பிரிந்திருக்கும் பில்லைக் கொண்டே சோதிக்க வேண்டும்.